அப்பாவின் திதியும் போன் நினைவூட்டலும்: ஏழு வருட அனுபவம்

அப்பா தவறியது 2018 ஆகஸ்ட் 11, ஆடி அமாவாசை. நாங்கள் இருப்பது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோர நகரி என்ற ஊரில். வீட்டில் பேச்சு தமிழ், சுவரில் கடைக்காரர் கொடுத்த தெலுங்கு காலண்டர். திதியை மறக்கக் கூடாது என்று போனில் ஒரு பஞ்சாங்க ஆப் போட்டேன். தெலுங்கு முறைப்படி ஆஷாட அமாவாசை என்று பதிந்ததும் அடுத்த பத்து வருடத் தேதிகளையும் காட்டியது.

முதல் வருஷமே ஒரு சிக்கல். 2019இல் ஆப் ஆகஸ்ட் 1 என்றது. அம்மா திருத்தணியில் வாங்கிவந்த தமிழ் காலண்டரில் ஜூலை 31. அமாவாசை 31ஆம் தேதி நண்பகல் வாக்கில் தொடங்கி மறுநாள் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிட்டது. சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதை அந்த நாளுக்கு வைப்பது ஆப்பின் கணக்கு. திவசத்துக்குப் பிற்பகலில் திதி இருக்க வேண்டும். அதனால் 31தான் சரி. அன்றிலிருந்து தேதியை மட்டும் பார்ப்பதில்லை, திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் பார்க்கிறேன்.

அடுத்த மூன்று வருடமும் தொல்லை இல்லை: 2020 ஜூலை 20, 2021 ஆகஸ்ட் 8, 2022 ஜூலை 28. ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு 354 நாள் (சில சமயம் ஒரு நாள் கூடும்), இடையில் அதிக மாதம் என்ற கூடுதல் சந்திர மாதம் வந்தால் 384. கணக்கு இதில் அடங்காவிட்டால் எங்கோ பிழை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் 2023இல் இந்தச் சோதனையும் கைகொடுக்கவில்லை. ஆப், தெலுங்கு காலண்டர் இரண்டும் ஜூலை 17 என்றன. 2022லிருந்து சரியாக 354 நாள். சென்னையிலிருந்து வர அண்ணன் லீவும் போட்டுவிட்டார். அம்மாதான் காலண்டரைப் பிரித்து, "ஆடி ஒண்ணாம் தேதியும் அமாவாசை, முப்பத்தொண்ணும் அமாவாசை. நமக்கு எது?" என்று கேட்டார். இரண்டாவது ஆகஸ்ட் 16, அதுவும் 384 நாள்.

தெலுங்கு முறையில் மாதமே சந்திரனை வைத்து வரும். அந்த வருடம் ஆஷாடம் ஜூலை 17இல் முடிந்து அதிக சிராவணம் தொடங்கியது. நமக்கு ஆடி சூரிய மாதம், அதற்குள் இரண்டு அமாவாசை விழுந்துவிட்டது. சாஸ்திரிகளைக் கேட்டோம். "ஒரே மாசத்துல ரெண்டு திதி வந்தா பின்னாடி வர்றதை எடுக்கணும்ப்பா" என்றார். அண்ணன் லீவை மாற்றினார், ஆகஸ்ட் 16இல் செய்தோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பம் அவர்கள் தாத்தாவுக்கு ஜூலை 17இலேயே செய்தது. அவரவர் முறைக்கு இரண்டும் சரி.

ஆப்பை இன்னும் வைத்திருக்கிறேன், நேரம் பார்க்க. நினைவூட்டலை மட்டும் நிறுத்திவிட்டேன். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அம்மாவும் நானும் உட்கார்ந்து தேதியை எடுத்து, போன் காலண்டரில் அந்த வருடத்துக்கு மட்டும் பதிகிறோம். ‘வருடாவருடம்’ என்பதைத் தொடுவதே இல்லை. ஒரு அலாரம் பத்து நாள் முன்னால், அண்ணன் லீவு கேட்க. இன்னொன்று முந்தின நாள் காலை, காய்கறி வாங்க. 2026க்கு ஆகஸ்ட் 12 பதிந்தாயிற்று, இந்த முறை தெலுங்கு காலண்டரிலும் அதே நாள்தான்.