பி.எஃப். பணம்: நாமினி இருந்தால், இல்லாவிட்டால்

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிடுகிறார். பி.எஃப். கணக்கில் 9 லட்சம் ரூபாய். வீட்டில் மனைவி, அவரை நம்பியிருந்த அம்மா, 23 வயது மகன், கல்யாணமாகாத மகள்.

மனைவியை மட்டும் நாமினியாகப் பதிந்திருந்தால் விஷயம் எளிது. படிவம் 20-ஐ இறப்புச் சான்றிதழோடு மனைவி கொடுத்தால் 9 லட்சமும் அவருக்கே வரும்.

நாமினி இல்லையென்றால் பணம் குடும்பத்துக்குச் சமமாகப் பிரியும். மனைவி, அம்மா, மகள் ஆளுக்கு 3 லட்சம். 18 வயது தாண்டிய மகனுக்குப் பங்கு கிடையாது, அவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தாலும் சரி. கணவர் உயிரோடிருக்கும் மகளுக்கும் அப்படித்தான். இது பலருக்குத் தெரியாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

கல்யாணத்துக்கு முன் பதிந்த நாமினேஷன், கல்யாணமானதும் செல்லாது. அப்பா பெயரையோ தம்பி பெயரையோ போட்டு அப்படியே விட்டவர்களின் குடும்பமும் இரண்டாவது வழியில்தான் போகவேண்டும். ஆன்லைனில் விவரம் நிரப்பிவிட்டு ஆதார் ஓடிபி வழியாக மின்கையொப்பம் போடாமல் விட்டாலும் பதிவு முடிந்ததாகாது. அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.