எழுத்தாளரை அறிமுகம் செய்ய: பட்டியலா, கதைச்சுருக்கமா, ஒரு பத்தியா?

நூல் வெளியீட்டில் எழுத்தாளரை அறிமுகம் செய்யச் சொன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பிறந்த ஊர், படித்த பாடசாலை, கிடைத்த பரிசு என்று வாசித்துக்கொண்டு போகலாம். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒரேயொரு பத்தியை எடுத்து, எதிரே இருப்பவர்களின் வாழ்க்கையில் அது எந்த இடத்தைத் தொடுகிறது என்று காட்டலாம். அண்மையில் திருகோணமலையில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு ஏழு நிமிட அறிமுகவுரை என்னிடம் வந்தது. ஆசிரியர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் உள்ள கிண்ணியாவில் பிறந்து, பிறகு திருகோணமலை நகரத்தில் குடியேறியவர். மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்த பிறகுதான் மூன்றாவது வழியை எடுத்தேன், அதற்குள்ளேயே எந்தப் பத்தி என்ற கேள்விக்கு இன்னும் அதிக நாள் போனது.

பட்டியலில் ஆபத்து குறைவு, ஆண்டுகளைச் சரிபார்த்தால் போதும். ஆனால் அதே விபரம் பின்னட்டையில் இருக்கிறது, அழைப்பிதழில் பாதி இருக்கிறது, தலைமையுரையில் எப்படியும் வரும். நான்காவது தடவை கேட்கிறவர் கைபேசியை எடுப்பதில் தப்பே இல்லை. கதைச்சுருக்கம் இதைவிடக் கெடுதல் என்பேன், ஏனென்றால் அது அடுத்து வரும் நயவுரைக்காரரின் வேலையைப் பறிக்கிறது, அதோடு புத்தகம் வாங்கப் போகிறவரிடம் முடிவையும் சொல்லிவிடுகிறது.

சரி, பத்தி. தொகுப்பிலிருந்து மூன்று பத்திகளைக் குறித்து வைத்திருந்தேன்.

முதலாவது, தோணி கவிழும் காட்சி. தொகுப்பிலேயே வலுவான எழுத்து அதுதான். வாசித்தால் மண்டபம் உறைந்துபோகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலில் அதையே எடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் வாசித்துக் காட்டியபோது பாதியில் நிறுத்தினார். "மகள், அத மட்டும் மேடையில வாசிக்காதீங்க. குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளுடைய ஆக்கள் யாராவது வந்திருப்பாங்க." 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. (வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) புத்தகத்தில் அந்தப் பத்தி இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வீட்டில் தனியாக வாசிக்கிறவர் தாங்க முடியாத இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கலாம், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. எழுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். துயரத்தோடு இணைக்கிற அறிமுகத்துக்கு இதுதான் எல்லை என்று அன்று பிடிபட்டது.

இரண்டாவது, கோணேசர் கோயில் மலையில் விடியும் காட்சி. அழகான வரிகள், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவும் கடலும் அப்படியே கண்ணில் நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த இடம்தானே, இணைப்பு தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நாம் எல்லோரும் பார்த்த காட்சி" என்பதற்கு மேல் என்னால் ஒரு வசனமும் எழுத முடியவில்லை. ஓர் இடத்தைத் தெரிந்திருப்பது வேறு, அந்த இடத்தில் நமக்கு ஒன்று நடந்திருப்பது வேறு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களத்திலிருந்து மொழிபெயர்க்கும் நண்பர்கள் இருவர் என்று கலந்திருக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் அந்த மலை ஒரே பொருளைத் தருவதும் இல்லை.

மூன்றாவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலம். ஒரு தாய் வைத்தியசாலைக்காக நகரத்துக்குப் புறப்படுகிறாள், பையில் ஒரு மாற்றுச் சேலையை மடித்து வைக்கிறாள், கடைசிப் பாதை போய்விட்டால் யார் வீட்டிலாவது தங்க வேண்டிவரும் என்பதற்காக. மகள் அதை எடுத்து வெளியே வைக்கிறாள், எடுத்து வைத்தால் அம்மா கட்டாயம் திரும்பி வந்துவிடுவாள் என்று. அவ்வளவுதான். தொண்ணூறு சொற்கள் இருக்கும், நிறுத்தி வாசித்தால் ஒரு நிமிடம்.

இதைத்தான் எடுத்தேன், காரணம் அந்தச் சேலை. 'காத்திருப்பு', 'பிரிவு' என்று உணர்ச்சியின் பெயரைச் சொல்லி இணைத்தால் கேட்பவர் தலையாட்டுவார், ஆனால் அவருக்கென்று எதுவும் நினைவுக்கு வராது. ஒரு பொருளைச் சொன்னால் கை தானாகத் தன் பொருளைத் தேடும். முதலில் எழுதிய உரையில் நான் "காத்திருப்பு நம் எல்லோருக்கும் பொது" என்று எழுதியிருந்தேன், அதை வெட்டினேன். பதிலுக்கு எழுதியது இது: "கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் இந்தப் பக்கம் வந்த எத்தனை பேர் பையில் ஒரு மாற்றுடுப்பு வைத்திருந்தீர்கள்?"

இதிலும் ஒரு பிழை இருந்தது. பாலம் திறந்தபோது குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், அவர்களுக்குப் பாதையில் நகரத்துக்கு வந்த ஞாபகம் இருக்காது. நகரத்திலேயே பிறந்தவர்கள் துறைப் பக்கம் போயிருக்கவே மாட்டார்கள். கேள்வியை அப்படியே விட்டால் பாதி மண்டபம் வெளியே நிற்கும். அதற்காக "வாழ்க்கையே ஒரு பயணம்" என்று இழுத்து விரித்தால் சேலை காணாமல் போய்விடும். எனவே இரண்டாவது ஒரு வசனம் சேர்த்தேன்: "பாதையில் ஏறாதவர்களிடம் ஒன்று கேட்கிறேன், இடப்பெயர்வில், விமான நிலையத்தில், வைத்தியசாலை வாசலில், ஒருவர் போகக் கூடாது என்று அவருடைய எந்தப் பொருளை நீங்கள் ஒளித்து வைத்தீர்கள்?" இதற்குப் பாதையைப் பார்த்திருக்கத் தேவையில்லை. மகள் செய்த காரியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கை தூக்கச் சொல்வதா, என் சொந்தக் கதையைச் சொல்வதா என்றும் இரண்டு யோசனை இருந்தது. கை தூக்கச் சொன்னால் நம் ஊர்க் கூட்டத்தில் முன்வரிசைப் பிரமுகர்கள் தூக்க மாட்டார்கள், அவர்களைப் பார்த்துப் பின்வரிசையும் தூக்காது, கேள்வி செத்துவிடும். சொந்தக் கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு வாப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது, கூட்டம் எழுத்தாளரை விட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு மூன்று மூச்சு விடும் நேரம் பேசாமல் நின்றேன். அந்த அமைதியில் பின்னால் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் குசுகுசுத்தார்கள். அதுதான் அடையாளம். இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும் வந்தால் இணைப்பு ஒட்டவில்லை என்று புரிந்துகொண்டு, உடனே எழுத்தாளரின் பெயருக்குப் போய்விடுவது நல்லது.

பெயரைக் கடைசியில் வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். பத்தி, கேள்வி, அமைதி, அதற்குப் பிறகு "இந்தச் சேலையை எழுதியவர்" என்று பெயரைச் சொல்லி, ஊரும் முந்திய இரண்டு நூல்களும் இரண்டே வசனத்தில். பட்டியலில் உண்மையில் தேவையானது அவ்வளவுதான். சேலை எதைக் குறிக்கிறது என்று நான் விளக்கவில்லை, ஏற்புரையில் அவர் எடுத்துக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எந்தப் பத்தியை வாசிக்கப் போகிறேன் என்று ஒரு வாரத்துக்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன், தன் தாயைப் பற்றியதென்றால் மேடையில் கேட்க அவருக்கே கடினமாக இருந்திருக்கலாம். அவர் சம்மதித்து, ஒரு சொல்லை மட்டும் எப்படி உச்சரிப்பது என்று திருத்தித் தந்தார்.

கவிதைக்கும் தன்வரலாற்றுக்கும் இதையே செய்வேன். தொல்லியலோ வரலாற்று ஆய்வோ வெளியாகும் கூட்டம் என்றால் செய்ய மாட்டேன். அங்கே எழுதியவர் எங்கே தோண்டினார், எந்த ஆவணத்தைப் படித்தார், யாரிடம் பயின்றார் என்பதுதான் கூட்டம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மேடையில் பட்டியலையே எடுப்பேன்.