ஹீட் பம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை: 4,80,000 ரூபாய் போயிற்று, வீடு சூடாகவில்லை

பெரம்பூரில் வசிக்கும் நான், ஊட்டியில் இருக்கும் என் பெற்றோரின் வீட்டைச் சூடாக்குவதற்காக, வடசென்னையில் ஏசியும் ஹீட் பம்பும் விற்றுப் பொருத்தித் தரும் ஒரு கடையில் 4,80,000 ரூபாய் கொடுத்து ஹீட் பம்ப் பொருத்தினேன். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களில் ஓடும் நீரைச் சூடாக்கும் இயந்திரம் அது. நேற்றிரவும் அந்த வீட்டுக் கூடம் 16 டிகிரியைத் தாண்டவில்லை.

வெளியே 0 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வைத்திருக்க 7 கிலோவாட் தேவை என்று கடைக்காரரே கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு சரியானதுதான். "ஏழுதான் சார் தேவை, நான் எட்டே போடுறேன். எங்க அப்பா அம்மா வீடா இருந்தாலும் இதைத்தான் வைப்பேன்" என்று அவர் சொன்ன அந்த நொடியில் நம்பி முன்பணத்தைக் கொடுத்தேன்.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த 8 கிலோவாட், வெளிக்காற்று 7 டிகிரியும் இயந்திரம் சூடாக்கி அனுப்பும் நீர் 35 டிகிரியும் இருக்கும்போது அளந்தது. எங்கள் ரேடியேட்டர்களுக்கு 45 டிகிரி நீர் வேண்டும். வெளியே 2 டிகிரி, நீர் 45 டிகிரி என்ற நிலைக்கு தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையே 6.4 கிலோவாட் என்றுதான் சொல்கிறது. பனி உருக்கும் நேரம் இதில் கழிக்கப்படவில்லை என்று அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது.

ஊட்டியின் ஈரக் காற்றில் அந்தக் குறிப்புதான் முக்கியம். வெளி யூனிட்டின் குழாய்ச்சுருள் காற்றைவிடக் குளிர்ந்து 0 டிகிரிக்குக் கீழே போவதால், காற்றின் ஈரம் அதன் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கிறது. உடனே விசிறி நிற்கிறது, உஸ்ஸென்ற ஓசையுடன் வால்வு திசை மாறுகிறது, ஆவி எழுகிறது, பனி உருகிச் சொட்டுகிறது. அதை உருக்கும் வெப்பம் வீட்டுக்குள் ஓடும் நீரிலிருந்தே உறிஞ்சப்படுவதால், பேனலில் 45 என்று காட்டிய எண் 38க்கு இறங்குவதை நானே பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு 40 நிமிடத்திலும் சுமார் 6 நிமிடம் இப்படிப் போகிறது. அந்த நேரத்தையும் பனி உருக்க எடுத்துக்கொண்ட வெப்பத்தையும் கழித்தால், 6.4 ஏறத்தாழ 5 கிலோவாட்டாகச் சுருங்கிவிடுகிறது. வெளியே 2 டிகிரி இருக்கையில் வீட்டுக்கு 6.3 வேண்டும். 5 கிலோவாட்டால் வெளியைவிட 14 டிகிரிதான் உயர்த்த முடியும், ஆகவே 16 டிகிரியில் நிற்கிறது. அட்டவணையைப் பிரித்துப் பார்க்கும் எவருக்கும் இது முன்பே தெரிந்திருக்கும்.

புகார் சொன்னபோது முதலில் "ஃபில்டரைக் கழுவுங்க சார்" என்றார்கள். பிறகு "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்" என்றார்கள். கடைசியாக நேரில் போய் நின்றபோது, "மெஷின் நல்லாத்தான் ஓடுது, ஊட்டிக் குளிர் அப்படித்தான்" என்றார் அதே மனிதர். 4,80,000 ரூபாய் வாங்கும்போது ஊட்டிக் குளிர் அவருக்குத் தெரியாதா? இப்போது என் தாயார் இரண்டு கம்பளிகளோடு தூங்குகிறார்.

மலைப்பகுதி வீட்டுக்கு வாங்குபவர்கள் இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 2 டிகிரியிலும் 0 டிகிரியிலும், உங்கள் ரேடியேட்டருக்கு வேண்டிய நீர் வெப்பத்தில், பனி உருக்குவதைக் கழித்த பிறகு எத்தனை கிலோவாட் என்று எழுத்தில் வாங்குங்கள். குறை விழுந்தால் துணை மின்ஹீட்டர் யார் செலவு என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.