டீத்தூள் கணக்கில் ஒரு நேர்கோடு: ஆறு வருட அனுபவம்

ஈரோட்டில் டீக்கடைகளுக்குத் தூள் போடும் ஒரு மொத்தக் கடையில் கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்த மூணு மாசத்துக்கு எவ்வளவு தம்பி எடுக்கலாம்?" குன்னூர் ஏலத்தில் விலை வாகாக இருக்கும்போது எடுத்து வைக்க வேண்டும். அதற்காக அளவு தெரியாமல் அள்ளிப் போட்டால், குடோனில் ஈரம் ஏறி மணம் போய்விடும். கடைக்காரர் ஒரு தடவை கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்புவார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 2019 முதல் எக்ஸெலில் உள்ள நேர்கோட்டு மதிப்பீட்டைப் பயன்படுத்தி வருகிறேன். சூத்திரம் ஒற்றை வரிதான். A நெடுவரிசையில் 1 முதல் 12 வரை மாத எண், B-யில் அந்த மாதம் விற்ற கிலோ. பதின்மூன்றாம் மாதம் வேண்டுமென்றால்:

```
=FORECAST.LINEAR(13,B2:B13,A2:A13)
```

கூகுள் ஷீட்ஸிலும் இதே பெயர்தான். உள்ளே நடப்பது இவ்வளவே: பன்னிரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்தக் கோட்டுக்குக் குறைவாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். பிறகு கோட்டை அப்படியே முன்னால் நீட்டும்.

முதல் தடவையே வசமாக மாட்டிக்கொண்டேன். 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை எங்கள் கணக்கு வரிசையாக இப்படி: 1820, 1760, 1850, 1930, 1960, 1980, 2090, 2210, 2260, 2230, 2120, 2030 கிலோ. சராசரி 2020. கோடு போட்டால் மாதத்துக்கு 37.5 கிலோ ஏற்றம் என்று வந்தது. நீட்டிப் பார்த்தால் ஏப்ரல் 2264, மே 2301, ஜூன் 2339; மூன்று மாதமும் சேர்த்து 6,900 கிலோ சொச்சம். வரைபடத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. கோடு எண்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 0-க்கும் 1-க்கும் நடுவே சொல்லும் R² என்ற எண் 0.66. மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குடோனைப் பார்த்துக்கொள்பவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "மே மாசத்துல எதுக்குங்க இத்தனை? வெயில்ல யாருங்க டீ குடிக்கிறாங்க?" என்றார். சிரித்துவிட்டு ஆர்டர் போட்டேன். ஏப்ரலில் 1890, மேயில் 1800, ஜூனில் 1900 கிலோ போனது. மொத்தம் 5,590. மிச்சம் நின்றது 1,300 கிலோவுக்கு மேல்.

தப்பு எங்கே என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் கோடு சொன்ன எண்ணை C நெடுவரிசையில் எழுதி, உண்மையான விற்பனையிலிருந்து அதைக் கழித்து D-யில் போட்டேன். மேயில் 91 குறைவு, ஜூனில் 39 குறைவு. அக்டோபரில் 51 கூடுதல், நவம்பரில் 134, டிசம்பரில் 146, ஜனவரியில் 79. பிப்ரவரியில் மறுபடி 69 குறைவு, மார்ச்சில் 196 குறைவு. கோடு சரியாகப் பொருந்தியிருந்தால் கூடுதலும் குறைவும் கலந்துகட்டி வந்திருக்க வேண்டும். இங்கே நான்கு மாதம் தொடர்ந்து மேலே, அப்புறம் கீழே. அது தற்செயலான சிதறல் இல்லை, மழையும் குளிரும் வெயிலும். R² இந்த வரிசையைப் பார்ப்பதே இல்லை. விலகல்களின் அளவை மட்டும்தான் பார்க்கும். ஆகவே இப்போதெல்லாம் R²-ஐ ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி. முதலில் பார்ப்பது D நெடுவரிசையின் கூட்டல் கழித்தல் குறிகளைத்தான்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதாவது என் கணக்கு, டீ குறைவாகப் போகும் வெயில் மாதங்களில் தொடங்கி, குளிர்காலம் முடிந்த கையோடு முடிகிறது. ஆரம்பம் பள்ளம், பிற்பாதி மேடு. எந்தக் கோடு போட்டாலும் மேலே ஏறத்தான் செய்யும். வியாபாரம் உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரிய, ஜனவரி முதல் மார்ச் வரை விற்றதை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டேன். அப்போது 6,060 கிலோ, இப்போது 6,380. ஆண்டுக்கு 5.3 சதவீதம். மாதக் கணக்கில் 9 கிலோ ஏற்றம். கோடு சொன்னதோ 37.5. ஒரே ஒரு வருடத்து மாதக் கணக்கை வைத்துக்கொண்டு, இது வளர்ச்சி, இது பருவம் என்று பிரிக்க எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. அதே மே மாதத்தை இன்னொரு வருடத்திலும் பார்த்தால்தான் தெரியும்.

கோடே இல்லாமல், போன வருட ஏப்ரல்–ஜூன் விற்பனையான 5,430-ஐ 5.3 சதவீதம் கூட்டியிருந்தால் 5,720 வந்திருக்கும். நிஜத்துக்கும் அதற்கும் 130 கிலோ வித்தியாசம். பேப்பரும் பேனாவும் போதும் அந்தக் கணக்குக்கு!

சிலர் எண்ணோடு மேல் எல்லை, கீழ் எல்லையும் போடுவார்கள். நானும் பிற்பாடு அந்த மே மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கோடு சொன்ன 2301-க்கு இரு பக்கமும் சுமார் 270 கிலோ. நூற்றுக்கு 95 தடவை விற்பனை இந்த எல்லைக்குள் இருக்கும் என்பது கணக்கு. கீழ் எல்லை 2030 வாக்கில் நிற்கிறது. விற்றது 1800. விலகல்கள் எல்லாம் சும்மா சிதறல்தான், வடிவம் ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்த எல்லையே போடப்படுகிறது. அந்த அனுமானம் உடைந்தால் எல்லையும் சேர்ந்தே உடையும்.

இப்போது நான் செய்வது வேறு. மூன்று வருடக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு மாத விற்பனையையும் அதைச் சுற்றியுள்ள பன்னிரண்டு மாதச் சராசரியால் வகுக்கிறேன். எங்களுக்கு மே மாதம் 0.89, டிசம்பர் 1.11 என்ற அளவில் வரும். அதாவது மேயில் வழக்கத்தைவிட 11 சதவீதம் குறைவு, டிசம்பரில் அதே அளவு கூடுதல். எல்லா மாதங்களையும் அதனதன் எண்ணால் வகுத்துவிட்டால் பருவம் கழன்றுபோகும். மிச்சமிருக்கும் எண்களில் கோடு போட்டு, நீட்டி, கடைசியில் அந்தந்த மாத எண்ணால் பெருக்கிவிடுவேன். கோடு அதே கோடுதான், சூத்திரமும் அதேதான். ஆனால் இப்போது அதற்குத் தெரிந்த வேலையை மட்டும் கொடுக்கிறேன்.

2020 ஏப்ரல் ஊரடங்கில் டீக்கடைகள் மூடிக் கிடந்த மாதங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றையும் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் மாதங்கள் எல்லாம் ராக்கெட் வேகத்தில் வளர்வதாகக் கோடு நம்பிவிடும்.

பருவத்துக்கு அடுத்தபடி என்னை அதிகம் ஏமாற்றியது ஓரத்து மாதம். ஒருமுறை அவசரத்தில் மார்ச் 24-ஆம் தேதியே கணக்கை எடுத்துவிட்டேன். மாதம் முடியவில்லை, அது வரை 1500 கிலோதான் போயிருந்தது. அப்படியே போட்டதும் ஏற்றம் பாதிக்குக் கீழே சரிந்துவிட்டது. எவ்வளவு ஆபத்து என்று பார்க்க மேலே உள்ள பழைய கணக்கிலேயே சோதித்தேன். மார்ச்சில் 500 கிலோ குறைத்தால் கோட்டின் ஏற்றம் மாதத்துக்கு 19 கிலோ குறைகிறது. அதே 500-ஐ செப்டம்பரில் குறைத்தால் 2 கிலோகூட மாறுவதில்லை. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் நுனியில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே முதல் இரண்டு, கடைசி இரண்டு மாதங்களை பில் புத்தகத்தோடு சரிபார்க்காமல் கோடு போடுவதில்லை.

இன்னொன்று, படிக்கட்டு. ஒரு வருடம் அக்டோபரிலிருந்து ஒரு பெரிய கேன்டீன் மாதம் 240 கிலோ எடுக்கத் தொடங்கியது. மற்றதெல்லாம் 2000-லேயே நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் 2000, ஆறு மாதம் 2240. மனிதனுக்குப் பார்த்ததும் புரியும்: ஒரு படி ஏறியிருக்கிறோம், அவ்வளவுதான். கோட்டுக்குப் படி தெரியாது, சரிவுதான் தெரியும். மாதம் 30 கிலோ வளர்ச்சி என்று முடிவு கட்டி, அடுத்த காலாண்டுக்கு 320 கிலோ அதிகம் சொல்லும். அந்த கேன்டீனைத் தனி நெடுவரிசைக்கு மாற்றி, மற்றவர்களுக்கு மட்டும் கோடு போட்டு, கடைசியில் மாதம் 240-ஐக் கூட்டினேன். பெரிய வாடிக்கையாளர் போய்விட்டாலும் இதே வைத்தியம்.

ரூபாயில் கோடு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். ஏலத்தில் விலை ஏறிய வருடம் எங்கள் ரூபாய்க் கோடு ஜோராக ஏறியது, கிலோ அசையவே இல்லை. கிலோவில் கணித்துவிட்டு விலையைத் தனியாகப் பெருக்குங்கள். அப்புறம், வரைபடத்தில் கோடு வரையும்போது கிடை அச்சில் தேதி இருந்தால், அங்கே காட்டும் ஏற்றம் நாளுக்கானது, மாதத்துக்கானது இல்லை. 1.23 என்று பார்த்துவிட்டு வளர்ச்சியே இல்லை என்று நான் ஒரு வாரம் கவலைப்பட்டிருக்கிறேன்.

ஆறு வருடமாக ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு காலாண்டும் மூன்று எண்களை எழுதி வைப்பேன்: கோடு சொன்னது, போன வருட எண்ணோடு சதவீதம் கூட்டியது, குடோன்காரர் வாயால் சொன்னது. காலாண்டு முடிந்ததும் உண்மையான விற்பனையைப் பக்கத்தில் எழுதுவேன். பருவத்தைக் கழித்த பிறகு கோடு பெரும்பாலும் மற்ற இரண்டையும்விடக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் இடைவெளி பெரிதில்லை. தீபாவளி அக்டோபரிலிருந்து நவம்பருக்கு நகரும் வருடங்களில் குடோன்காரர்தான் ஜெயிக்கிறார். எந்தக் கடை எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும், என் நெடுவரிசைக்குத் தெரியாது.

நீட்ட நீட்டத் தப்பும் கூடுகிறது என்பதையும் அந்தப் பதிவேட்டில்தான் பார்த்தேன். ஆகவே முதல் மாதத்துக்குக் கோடு சொல்லும் அளவை முழுசாக எடுக்கிறேன், இரண்டாவது மாதத்துக்கு முக்கால்வாசி, மூன்றாவதுக்குப் பாதி. மீதிக்கு மாதம் பிறந்ததும் புதிய எண்ணைச் சேர்த்து மறுபடி கோடு போடுகிறேன். "முன்னாடி ஒரே தடவையில சொல்லுவே, இப்ப என்ன தம்பி தவணை முறையில சொல்றே?" என்று முதலாளி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.