விடுமுறையில் கிடைத்த ஊன்றுகோல்

நான்கு வாரம் ஊரில் இருக்கலாம் என்று வந்தவன், முதல் வாரத்திலேயே கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டு நேர்த்தியாகப் போட்டார்கள், காத்திருக்கவும் விடவில்லை. ஆனால் ஊன்றுகோல்களை மூலையிலிருந்து எடுத்து நீட்டியதோடு சரி. என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் என்னைவிட நெட்டையர் போலும்.

மேல்பட்டை அக்குளில் முட்டிக்கொண்டு நின்றது. அதில் தொங்கியபடியே நடந்தேன். மூன்றாம் நாள் கையின் பின்புறம் மரத்துப்போனது. மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் என் மணிக்கட்டை மேலே தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்க முடிந்தது. அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்பு தொடர்ந்து நசுங்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்று பிறகுதான் விளக்கினார். எடையைத் தாங்க வேண்டியது உள்ளங்கைதான். மேல்பட்டையை விலாவோடு இடுக்கிக்கொண்டால் போதும்.

நல்ல காலில் செருப்பை மாட்டச் சொல்லி நிமிர்ந்து நிற்கவைத்தார். கோலின் அடிமுனையைப் பாதத்துக்கு முன்னும் பக்கவாட்டிலும் சுமார் 15 செ.மீ. தள்ளி வைத்தபோது, அக்குளுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். எனக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. அடிக்குழாயை இரண்டு துளை குறைத்தார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். கோல் குட்டையானதும் கைப்பிடியும் கூடவே இறங்கிவிட்டது! கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும். பிடியை இரண்டு துளை ஏற்றினார்.

என் படுக்கை மாடியில் இருந்தது. இரண்டு கோலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, மறுகையால் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நல்ல காலை முதலில் மேல்படியில் வைக்கச் சொன்னார். அது உடலைத் தூக்கியபின் கட்டுப்போட்ட காலும் கோல்களும் தொடரும். இறங்கும்போது கோல்கள் முதலில், அவற்றோடு கட்டுக்காலை முன்னே நீட்டிக்கொள்ள வேண்டும். மேல்படியில் நிற்கும் நல்ல கால் முழங்காலை மடக்கி உடலை மெதுவாக இறக்கிவிட்டுக் கடைசியாக வரும். ஏறினாலும் இறங்கினாலும் பளுவைச் சுமப்பது நல்ல கால்தான். அதைப் புரிந்துகொண்டபின் வரிசை தடுமாறவில்லை.

இறங்கும்போது தம்பி எனக்கு மேலே நின்று சட்டையைப் பிடித்திருந்தான். "விழுந்தால் இரண்டு பேரும் உருளுவீர்கள், கீழே வாருங்கள் தம்பி" என்று அதட்டினார். ஏறும்போது எனக்குப் பின்னால், இறங்கும்போது எனக்கு முன்னால், எப்போதும் ஒரு படி கீழே என்பது அவன் இடமாயிற்று.

கிளம்பும்போது கோல்களைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். ஒரு ரப்பர் குப்பியில் வரிகளே இல்லை, மழமழவென்றிருந்தது. புதியது வாங்கி மாட்டும்வரை படிக்கட்டுப் பக்கம் போகக் கூடாது என்றார். அன்றிரவு கூடத்திலேயே படுத்தேன்.