எட்டே கம்பெனி, பதினாறு மாதம்: சேல்ஸ் நேவிகேட்டர் வைத்து ஆர்டர் தேடிய கதை

தொழிற்சாலைகளில் கம்ப்ரெஸ்ஸர் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துத் தருவது எங்கள் வேலை. கிடைத்த முகவரிக்கெல்லாம் ஒரே மெயிலை அனுப்பி ஓய்ந்துபோன பிறகு, எட்டு பெரிய நிறுவனங்களை மட்டும் பட்டியலிட்டு, வாங்கக்கூடிய ஆட்களைத் தேடிப் பிடிக்க உதவும் லிங்க்ட்இன் சேல்ஸ் நேவிகேட்டருக்குச் சந்தா கட்டி இறங்கினேன்.

முதல் மூன்று மாதம் வீண். மெயிலில் வைத்த லிங்க்கை ஒரே கம்பெனியில் ஐந்து பேர் கிளிக் செய்ததாகக் காட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரத்தைப் பார்த்தால் ஐந்தும் மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளுக்குள். அதாவது மனிதர் யாரும் தொடவில்லை, அவர்களுடைய பாதுகாப்பு மென்பொருள்தான் லிங்க்கைத் திறந்து சோதித்திருக்கிறது. அன்றிலிருந்து முதல் மெயிலில் லிங்க்கே வைப்பதில்லை, பதில் வந்ததா என்பது மட்டும்தான் கணக்கு.

மாற்றம் வந்தது, நிறுவனங்கள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புக்குக் கணக்குக் காட்டும் பிஆர்எஸ்ஆர் அறிக்கையால். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பின்படி முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது செபி விதி. மொத்த மின்சாரம், விற்றுமுதலுக்கு எவ்வளவு ஆற்றல் என்பதெல்லாம் போன வருடக் கணக்கோடு பக்கத்திலேயே இருக்கும். ஒரு நிறுவனத்தில் அந்த விகிதம் ஏறியிருந்தது. பராமரிப்புத் தலைவருக்கு லிங்க்ட்இனில் நாலே வரி எழுதினேன்: "சார், ஞாயிற்றுக்கிழமை லைன் நின்றிருக்கும்போது கம்ப்ரெஸ்ஸர் எத்தனை நிமிடம் லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில் என்று மட்டும் குறித்துப் பாருங்கள்." எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் பதில்: லோடு 3, அன்லோடு 7. உற்பத்தியே இல்லாதபோது பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்திக்கொண்டு ஓடுகிறதென்றால், கம்ப்ரெஸ்ஸர் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. அந்த எண்ணை ரூபாயாக்கி, அவரிடம் கேட்டுக்கொண்டு, நிதிப் பிரிவுக்குத் தனி மெயில் போட்டேன். அவர்களுக்கு அறிக்கையில் ஏறிய விகிதம்தான் உறைத்தது.

இன்னொரு இடத்தில் சொதப்பினேன். பர்ச்சேஸுக்கும் பிளான்ட்டுக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே செய்தியை அனுப்ப, அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்களாம். "ரெண்டு பேருக்கும் ஒரே லெட்டரா?" என்று கேட்டதோடு சரி, கதவு மூடிவிட்டது.

பதினாறு மாதத்தில் இரண்டு ஆர்டர். ஒரு கம்பெனிக்கு முதல் செய்தி எழுதவே அரை நாள் போகிறது, அதனால் ஆர்டர் மதிப்பு சின்னதாக இருந்தால் இந்த வழி கட்டாது. தொடர்பில் இல்லாதவருக்கும் நேராகச் செய்தி அனுப்பும் இன்மெயிலை நான் அதிகம் தொடவில்லை, மாதம் 50 கிரெடிட்டில் பாதிகூடத் தீராது. சந்தாவைத் தொடர்வது வேறொன்றுக்காக: ஆள் வேலை மாறினால் தெரிவிக்கும். ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுத்த அந்தப் பராமரிப்புத் தலைவர் இப்போது என் பட்டியலின் ஆறாவது கம்பெனியில் இருக்கிறார்.