பேச்சைத் தன் பக்கம் இழுக்கும் நண்பர்: எப்போது, எப்படிச் சொல்வது?

மேற்கு மாம்பலத்தில் ஒரு டீக்கடை. "அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்டா, வர்ற புதன்கிழமை" என்கிறார் ஒருவர். "எங்க பெரியம்மாவுக்கும் பண்ணாங்க, ஆறு மாசம் நான்தான் அலைஞ்சேன்" என்று ஆரம்பிக்கிற நண்பர், கிளாஸ் காலியாகிற வரை நிறுத்துவதில்லை. புதன்கிழமையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

கேட்பவரின் பதிலை அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இல் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பேச்சைச் சொன்னவரிடமே விட்டுவைக்கும் பதில்: "எந்த முட்டி? கூட யார் இருக்கப் போறா?" மற்றது, தன் பக்கம் திருப்பும் பதில். திருப்புவதே தப்பு என்றில்லை. தன் கதையைச் சொல்லித்தான் பலர் ஆறுதல் சொல்வார்கள். கதை முடிந்ததும் "சரி, உங்கம்மாவுக்கு டாக்டர் என்ன சொன்னார்?" என்று திரும்பி வருகிறாரா என்று மூன்று நான்கு சந்திப்புகளில் கவனியுங்கள். வருபவரென்றால் கீழே உள்ள எதுவும் தேவையில்லை.

வராதவரிடம் பலரும் முதலில் கையில் எடுப்பது குறுக்கே நிறுத்துவதை. "இருடா, நான் இன்னும் முடிக்கல" என்று சிரித்தபடி சொன்னால் அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் ஒரு சந்திப்பில் இரண்டு தடவைக்கு மேல் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும். நாலு பேர் நடுவில் சொல்லவே கூடாது, அவமானமாக எடுத்துக்கொள்வார்.

முன்கூட்டியே சொல்வது இதைவிட மேல். "பத்து நிமிஷம் ஒண்ணு சொல்லணும். யோசனை வேண்டாம், கேட்டா போதும்." நேரமும் வேலையும் தெளிவாக இருப்பதால், பழக்கத்தில் திருப்புகிறவர்கூட அடங்கி உட்காருவார். பெரும்பாலும் இது சொதப்புவது சொல்பவரால்தான்: நடுவில் மூச்சுவிட நிறுத்தி, "உனக்குத் தெரியும்ல, உங்க பெரியம்மாவுக்கு..." என்று அவரே கதவைத் திறந்துவிடுவார். இன்னொரு குறை, ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

தனியாக உட்கார்ந்து பேசுவது கடினம், ஆனால் பழக்கம் மாற வழி இருப்பது இதில்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசலாம். முகத்துக்கு முகம் பார்க்காததால் சூடு குறையும். "நீ எப்பவும் உன்னைப் பத்தியே பேசுற" என்றால் "எப்பவுமா?" என்று வழக்காடுவார். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: "அன்னிக்கு ஆபரேஷன் பத்திச் சொன்னேன்ல, அம்மா எப்படி இருக்காங்கன்னு நீ கேக்கவே இல்ல. கஷ்டமா இருந்துச்சு." கேட்டவர் அன்று கோபித்துக்கொள்ளலாம். அடுத்த இரண்டு மூன்று சந்திப்புகளில் ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்பதுதான் கணக்கு.

எங்கள் தேர்வு: முதலில் முன்கூட்டிச் சொல்வது, அது மூன்று முறை பலிக்காவிட்டால் கடற்கரை. அவரே வேலை போயோ வீட்டில் துக்கமாகியோ தவிக்கிற சமயமென்றால் கடற்கரையைத் தள்ளிப்போடுங்கள். அதற்கும் அசையாதவரோடு கிரிக்கெட், சினிமா பேசலாம். ஆபரேஷன் சமாச்சாரத்தை வேறொருவரிடம் கொண்டு போங்கள்.